மேற்கு வெயிலில் ஒரு செங்குத்துத் தோட்டம்

நிலத்தில் வேரூன்றிய செடியானது, மேல்மண் காய்ந்துவிட்டால் வேரை இன்னும் ஓரடி ஆழத்திற்குச் செலுத்தி நீரைத் தேடிக்கொள்ளும். சுவரில் மாட்டிய தொட்டியிலோ, கூரையிலிருந்து தொங்கும் கூடையிலோ வளரும் செடிக்கு அவ்வழி அடைபட்டுப் போகிறது. இரண்டு மூன்று லிட்டர் மண்ணே அதன் உலகம். அம்மண்ணைச் சுற்றிலும் காற்று, பின்புறம் சுடும் சுவர், மேலே வெயில். இந்த உண்மையை மறந்து அமைக்கப்படும் செங்குத்துத் தோட்டங்கள் தை மாதத்தில் கண்ணைக் கவர்ந்து, சித்திரையில் சருகாகிவிடுகின்றன. அடுக்குமாடி வீடுகளைச் சந்திக்கச் செல்லும்போதெல்லாம் பால்கனிச் சுவர்களில் இத்தகைய காய்ந்த தொட்டி வரிசைகளை நாம் பார்த்து வருகிறோம்.

திருச்சிராப்பள்ளியில் நாம் அறிந்த ஒரு குடும்பத்தின் பால்கனியையே இங்கு எடுத்துக்கொள்வோம். மூன்றாம் மாடி; வாடகை வீடு; பத்தடி நீளமும் நான்கடி அகலமும் உள்ள, கம்பிக் கிராதி போட்ட, மேற்கு நோக்கிய பால்கனி. கிராமத்து வீட்டையும் கொல்லைப்புறத்தையும் விட்டுவிட்டு மகனோடு வந்து தங்கியிருந்த வயதான தாயார் ஒருவருக்காகவே அவ்வீட்டில் தோட்டம் அமைக்க முற்பட்டனர். முதல் முயற்சியில், கம்பளித் துணி போன்ற தடித்த துணியில் பைகள் தைத்த தொங்கல் ஒன்றை வாங்கி, இருபது பைகளிலும் மணி பிளாண்ட்டும் பெரணிகளும் நட்டனர். ஏப்ரல் மாதத்திற்குள் யாவும் கருகின. அத்துடன், ஈரம் ஊறிய சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்து வெள்ளை உப்புப் பூத்தது. வீட்டுக்காரர் சினந்து, இனிச் சுவரில் ஓர் ஆணியும் அடிக்கக் கூடாது என்று கண்டிப்பாய்க் கூறிவிட்டார். "என் கை ராசியில்லாத கையாகிவிட்டது, சாமி" என்று அத்தாயார் நம்மிடம் சொன்னார். கை ராசிக்கும் இதற்கும் தொடர்பில்லை. கணக்குத்தான் தவறியிருந்தது.

முதலில் வெயிலின் கணக்கைப் பார்ப்போம். வெயில் படும் பால்கனி என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம்; ஆனால் நம் நாட்டு வெயில் ஆண்டு முழுவதும் ஒரே திசையில் நிற்பதில்லை. திருச்சியில் ஏப்ரல் நடுப்பகுதிக்குச் சற்றுப் பின் கதிரவன் நண்பகலில் நேர் உச்சிக்கு வருகிறது. அதன்பின் ஆகஸ்ட் பிற்பகுதி வரையில் நண்பகற் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. ஆதலின் தெற்கு நோக்கிய பால்கனியில் மார்கழியில் நாள் முழுதும் விழுந்த வெயில், கோடையின் உச்சத்தில் ஏறக்குறைய மறைந்தே போகும். மார்கழியில் பார்த்துவிட்டுச் செடி வாங்குகிறவர் ஏமாறுவது இதனால்தான். கிழக்குப் பால்கனி காலை வெயிலோடு தப்பித்துக்கொள்ளும். மேற்குப் பால்கனிக்கோ ஏறத்தாழ ஒரு மணி முதல் ஆறு மணி வரையில், காற்று ஏற்கெனவே கொதித்திருக்கும் வேளையில், சாய்வான வெயில் நேராக உள்ளே வந்து சுவரில் அறைகிறது. அச்சுவர் இரவு எட்டு மணிக்கும் கை வைத்தால் சுடும். நிழலை விரும்பும் மணி பிளாண்ட்டும் பெரணியும் அவ்விடத்தில் பிழைக்க வழியில்லை.

அடுத்து மண்ணின் கணக்கு. மூன்று லிட்டர் கொள்ளும் பிளாஸ்டிக் தொட்டி ஒன்றில் தென்னை நார்த்தூள் இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, மணல் கலந்த செம்மண் ஒரு பங்கு எனக் கலந்து நிரப்பி, செடி நட்டு, நீர் ஊற்றி, வடிந்தபின் நிறுத்தால் ஏறத்தாழ 3 கிலோ 700 கிராம் இருக்கும். அதே தொட்டியைக் காயவிட்டு, செடி வாடித் தலை சாயும் வேளையில் மறுபடி நிறுத்தால் 2 கிலோ 600 கிராம் அளவில் நிற்கும். இடைப்பட்ட 1 கிலோ 100 கிராம்தான், அதாவது 1,100 மில்லி லிட்டர் நீர்தான், அச்செடியின் சேமிப்பு முழுவதும். மே மாதத்து மேற்கு வெயிலில் நன்கு வளர்ந்த செடியுள்ள தொட்டி ஒரே நாளில் 600, 700 கிராம் இழந்துவிடுகிறது. காலையில் ஒரு முறை நீர் ஊற்றினால் மறுநாள் காலை வரை தாங்கும். ஒரு நாள் மறந்தால் தாங்காது. இதே கணக்கை அரை லிட்டர் மண்கூடக் கொள்ளாத துணிப் பைக்குப் போட்டுப் பாருங்கள். அதன் சேமிப்பு 200 மில்லி லிட்டரை எட்டாது. அதிலும் துணியின் முகப்பு முழுவதிலிருந்தும் ஈரம் ஆவியாகிக்கொண்டே இருக்கும். பிற்பகல் மூன்று மணிக்குள் அது வறண்டுவிடுகிறது. பாரீஸ் மாநகரில் பத்ரிக் பிளாங்க் என்னும் தாவர இயல் அறிஞர் அமைத்த புகழ்பெற்ற பசுஞ்சுவர்களும் துணியின்மேல் வளர்பவைதாம். ஆனால் அங்கே குழாய்களின் வழியே உரம் கரைத்த நீர் மேலிருந்து தானாகவே இடைவிட்டு இடைவிட்டு வழிந்துகொண்டிருக்கிறது. குவளையால் நீர் ஊற்றும் நம் வீடுகளுக்கு அந்த முறை ஏற்றதன்று.

ஆகவே மேற்குப் பால்கனியில் சுவர்த் தொட்டி மூன்று லிட்டருக்கும், தொங்கும் கூடை ஐந்து லிட்டருக்கும் குறையக்கூடாது என்பதே நம் கருத்து. தொட்டிகளின் எண்ணிக்கை குறைந்தால் குறையட்டும். இருபது பைகள் இருந்த இடத்தில் எட்டுத் தொட்டிகள் பிழைத்திருப்பது மேல். நிறமும் கவனிக்கத்தக்கது. கறுப்புத் தொட்டி வெயிலை உறிஞ்சி வேரைச் சுடும். வெள்ளையும் இளமஞ்சளும் அவ்வளவு சுடுவதில்லை. மெல்லிய பிளாஸ்டிக்கும், தண்ணீர்ப் புட்டியை வெட்டிச் செய்யும் தொட்டியும் ஓரிரு கோடைகளில் நொறுங்கத் தொடங்கும். விளிம்பை விரலால் அழுத்தும்போது வளையாமல் வெள்ளைக் கோடு விழுந்தால் அத்தொட்டியின் ஆயுள் முடிந்தது என்று அறிந்து, தொங்கவிடாமல் கீழே இறக்கிவிட வேண்டும்.

நார்த்தூளை அதிகம் சேர்ப்பதற்குக் காரணம் நீரைப் பிடித்து வைப்பது மட்டுமன்று. எடையும் அதில் அடங்கியிருக்கிறது. நீர் ஊறிய வெறுஞ் செம்மண் லிட்டருக்கு ஒன்றேமுக்கால் கிலோ அளவில் கனக்கும். மேற்சொன்ன கலவையோ லிட்டருக்கு ஒரு கிலோவைச் சற்றே தாண்டும். கடைகளில் 'கோகோபீட்' என்று விற்கும் ஐந்து கிலோ கட்டி நீரில் ஊறி விரிந்தால் ஏறத்தாழ 70 லிட்டர் தூள் ஆகிறது. ஒரு சிறு பால்கனிக்கு அதில் பாதி போதும். ஊறிய தூளை அப்படியே இடலாகாது. அதில் உப்பும் துவர்ப்புச் சாறும் இருக்கக் கூடுமாதலால், மூன்று முறையேனும் நீர் மாற்றி, வடியும் நீர் கடுந்தேநீர் நிறம் மாறி வெளிறும் வரையில் அலசிப் பிழிய வேண்டும். இதைச் செய்யாதவர்களின் செடிகளில் இலை ஓரங்கள் பழுப்பாய்க் கருகும். காரணம் புரியாமல் மேலும் உரம் இடுவார்கள். அது இன்னும் கருகும்.

இனி அக்குடும்பம் இரண்டாம் முறை என்ன செய்தது என்பதைச் சொல்லுவோம். சுவரைத் தொடக் கூடாது என்பது வீட்டுக்காரரின் கட்டளை. ஆதலால் வெல்டிங் பட்டறையில் சொல்லி, துத்தநாகம் பூசிய சதுரக் குழாயில், ஐந்தடி அகலமும் ஐந்தடி உயரமும் உள்ள தனிச் சட்டம் ஒன்று செய்வித்தனர். அதன் கால்கள் முன்னே ஒன்றரை அடி நீண்டிருக்கும்; தரை ஓட்டில் கீறல் விழாமல் ரப்பர்க் குப்பி மாட்டியிருக்கும். சுவரிலிருந்து மூன்று அங்குலம் தள்ளியே அதை நிறுத்தினர். அந்த இடைவெளியால் சுவரின் சூடு தொட்டிக்கு நேரே பாய்வதில்லை. தொட்டியின் ஈரமும் சுவருக்கு ஏறுவதில்லை. சட்டத்தின் மேல்மூலைகள் இரண்டும் சன்னல் கம்பியோடு தடித்த கம்பியால் கட்டப்பட்டன. இந்தக் கட்டு இன்றியமையாதது. ஆடிக்காற்று திருச்சியில் மேற்கிலிருந்தே வீசுகிறது. உயரமான சட்டத்தைத் தள்ளிவிட அது போதும்.

மேல் இரு வரிசைகளில் வரிசைக்கு நான்காக எட்டு மூன்று லிட்டர்த் தொட்டிகள். அடிவரிசையில் எட்டு லிட்டர் கொள்ளும் நீளத் தொட்டிகள் மூன்று. கூட்டிப் பார்த்தால், மேலே எட்டுத் தொட்டிகளும் 30 கிலோ. அடியில் மூன்றும் 28 கிலோ. சட்டம் 14 கிலோ. ஆக 72 கிலோ. ஓர் ஆள் நிற்கும் எடைதான். பால்கனித் தளத்திற்கு இது ஒரு பொருட்டன்று. இதையே முழுதும் செம்மண்ணால் நிரப்பியிருந்தால் இன்னும் முப்பது கிலோவுக்கு மேல் கூடியிருக்கும். கனமான தொட்டிகள் அடியில் இருப்பதால் சட்டம் கவிழாமலும் நிற்கிறது. மேல் வரிசை நான்கடி உயரத்திற்கு மேற்படவில்லை. தாயாரின் கண்ணுக்கு மண்ணின் முகம் தெரிய வேண்டும் என்பதே அதற்குக் காரணம். தலைக்கு மேலே தொட்டியை வைத்துவிட்டுக் குருட்டாம்போக்காய் நீர் ஊற்றுவோர் மண்ணுக்குப் பாதியும் தரைக்குப் பாதியுமாய் ஊற்றுகின்றனர்.

தொங்கும் கூடைகள் இரண்டிற்கு, தளத்தில் முன்பே துணி உலர்த்தும் கொடிக்காகப் பதித்திருந்த கொக்கிகள் பயன்பட்டன. பழைய கொக்கியைக் கண்ணால் பார்த்து நம்பிவிடக் கூடாது. சிலவற்றின் வேர் காங்கிரீட்டினுள் கம்பியோடு பிணைந்திருக்கும்; சில மேற்பூச்சில் மட்டும் திருகப்பட்டிருக்கும். ஐந்து லிட்டர்க் கூடை நீர் ஊறி ஆறு கிலோ இருக்கும். ஆதலின் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேற்பட்ட எடையாகப் பன்னிரண்டு, பதின்மூன்று லிட்டர் நீர் நிறைந்த வாளியைக் கொக்கியில் மாட்டி, கதவை அடைத்து, ஓர் இரவு முழுவதும் விட்டுவைத்தனர். காலையில் கொக்கியைச் சுற்றிப் பூச்சில் மயிரிழை வெடிப்பேனும் தெரிந்தால் அக்கொக்கி ஆகாது. இரண்டு கொக்கிகளில் ஒன்று இச்சோதனையில் தேறவில்லை. அக்கூடை பின்னர்ச் சட்டத்தின் பக்கக் குழாயில் இடம் பெற்றது.

சொந்த வீட்டில் சுவரைத் துளைக்க உரிமையுள்ளவர்கள், முதலில் விரல் முட்டியால் சுவரைத் தட்டிப் பார்க்க வேண்டும். பொத்தலாய் ஒலித்தால் பூச்சு பிடிப்பு விட்டிருக்கிறது. அல்லது உள்ளீடற்ற கல் இருக்கிறது. அங்கே சாதாரணத் திருகாணி நிற்காது. நல்ல செங்கற் சுவரானாலும் திருகாணி பூச்சைக் கடந்து செங்கல்லினுள் இரண்டு அங்குலமேனும் இறங்க வேண்டும். செங்கற்களுக்கு இடைப்பட்ட சாந்தில் துளை விழுந்தால் அதை அடைத்துவிட்டு இடம் மாற்ற வேண்டும். மின் பொத்தான் பெட்டிக்கு நேர் மேலும் கீழும் கம்பிகள் ஓடக்கூடுமாதலால் அவ்வரிசையில் துளைக்கவே கூடாது.

ஒன்றை இங்கே வன்மையாகச் சொல்ல விரும்புகிறோம். கிராதியின் வெளிப்புறத்தில், தெருவின் மேலாகத் தொட்டி மாட்டுவது எவ்வளவு அழகாயிருந்தாலும் ஆகாது. அவ்வீட்டின் பால்கனிக்கு நேர் கீழேதான் காலையில் பள்ளி வண்டிக்காகக் குழந்தைகள் நிற்கின்றனர். மூன்று மாடி உயரத்திலிருந்து விழும் நான்கு கிலோ தொட்டி என்ன செய்யும் என்பதை விளக்க வேண்டியதில்லை. எல்லாத் தொட்டிகளும் கிராதிக்கு உட்புறமே இருக்கட்டும். தொங்கும் கூடையின் கொக்கி, காற்றில் எகிறி விழாதபடி வாய் மூடிய கொக்கியாக இருக்கட்டும்.

செடிகளின் தேர்வில் ஒரு நியதி உண்டு. மேல் வரிசை காற்றும் வெயிலும் மிகுதியாய்ப் பட்டு முதலில் காய்கிறது. அங்கிருந்து சொட்டும் நீர் கீழ் வரிசைக்கு வந்து சேர்கிறது. மேலிலைகள் கீழே சிறிது நிழலும் தருகின்றன. ஆகவே வறட்சியைத் தாங்குவன மேலேயும், நீரை விரும்புவன கீழேயும் இருத்தல் வேண்டும். கூடைகளில் பத்துமணிப் பூ வைத்தனர். சதைப்பற்றுள்ள இலைகளைக் கொண்ட அது வெயில் பட்டால்தான் இதழ் விரிக்கும். கூடையின் விளிம்பில் வழிந்து தொங்கும். மேற்குப் பால்கனிக்கென்றே படைக்கப்பட்டது போன்ற செடி. மேல் வரிசையில் நித்தியகல்யாணியும் கற்பூரவல்லியும். நடுவே துளசியும் அரைக்கீரையும். அடியில் புதினாவும் சிறுகீரையும். தக்காளியும் கத்தரியும் வேண்டுமென்று மருமகள் விரும்பினார். அவற்றின் வேருக்குப் பத்துப் பதினைந்து லிட்டர் மண்ணேனும் வேண்டும். சுவர்த் தொட்டியில் நட்டால் பூக்கும், உதிரும், காய்க்காது. அவற்றைத் தரைத் தொட்டிக்கு விட்டுவிடுவதே முறை.

நீர் ஊற்றுவதில்தான் தாயாருக்குப் பெரும் ஐயம் இருந்தது. மேல்மண் காய்ந்திருந்தால் நீர் ஊற்றலாம் என்பது நிலத்துத் தோட்டத்தின் பாடம். நார்த்தூள் கலவையில் மேற்பரப்பு காய்ந்து தோன்றினாலும் உள்ளே ஈரம் இருக்கலாம். மேலே ஈரமாய்த் தோன்றினாலும் அடி வறண்டிருக்கலாம். ஆதலின் மீன்காரர் வைத்திருப்பது போன்ற சிறு கொக்கித் தராசு ஒன்றை வாங்கித் தருமாறு அவருடைய மகனிடம் சொன்னோம். ஒவ்வொரு வரிசையிலும் ஒரு தொட்டியைக் காலையில் நீர் வடிந்தபின் ஒரு முறையும், மாலை ஆறு மணிக்கு ஒரு முறையும் நிறுத்துக் குறித்துவைக்க வேண்டும். குறைந்த கிராம் எத்தனையோ அத்தனை மில்லி லிட்டர் நீரைச் செடி குடித்திருக்கிறது என்பது பொருள். மே மாதத்தில் அவர் நாட்காட்டித் தாளில் எழுதிவைத்த கணக்கில் மேல் வரிசைத் தொட்டி 700, நடுவரிசைத் தொட்டி 550 என்றிருந்தது. ஆகவே மேல் வரிசைக்குக் காலை மாலை இரு வேளையும், நடுவரிசைக்கும் அடிவரிசைக்கும் காலையில் மட்டும் எனத் தீர்மானித்தார். பத்து நாட்களுக்குப் பின் தராசு தேவைப்படவில்லை. தொட்டியின் அடியில் உள்ளங்கையைக் கொடுத்துச் சற்றே தூக்கிப் பார்த்தாலே அவருக்குத் தெரிந்துவிடுகிறது.

பிற்பகலில் குழாயைத் திறந்து ஊற்றுவதை அவர் நிறுத்தியதும் ஒரு நன்மை. மொட்டைமாடித் தொட்டியில் வெயிலில் காய்ந்த நீர் மூன்று மணிக்குக் கை பொறுக்காத சூட்டில் வரும்; அது வேரை அவிக்கும். காலையிலேயே வாளியில் பிடித்து உள்ளே வைத்த நீரே மாலைக்குப் பயன்படுகிறது.

வாட்டத்தைக் கண்டவுடன் நீர் ஊற்ற ஓடுவதும் தவறாய் முடியலாம். பிற்பகலில் இலைகள் துவண்டு, தொட்டியோ கனமாயிருந்தால், அது வெப்பத்தின் வாட்டம். இலை இழக்கும் வேகத்திற்கு வேரால் நீர் ஏற்ற இயலவில்லை. வெயில் தணிந்ததும் தானே நிமிரும். காலையிலேயே துவண்டு, தொட்டியும் இலேசாயிருந்தால் அது தாகம். காலையில் துவண்டும் தொட்டி கனமாயிருந்தால், வேர் அழுகத் தொடங்கிவிட்டது. அடித்துளை அடைபட்டிருக்கிறதா என்று குச்சியால் பார்க்க வேண்டும். மற்றொரு நிலையும் உண்டு. ஊற்றிய நீர் உடனே அடித்துளையில் ஓடிவரும், தொட்டியோ கனக்காது. முற்றிலும் காய்ந்த கலவை சுருங்கித் தொட்டியின் ஓரத்தை விட்டு விலகியிருப்பதால், நீர் அந்த இடுக்கின் வழியே வழிந்தோடிவிடுகிறது. வாயால் நீரைக் குடித்தும் வயிறு நனையாத நிலை அது. தொட்டியைக் கழற்றி நீர் நிறைந்த வாளியில் அமிழ்த்தி, குமிழிகள் அடங்கும் வரையில் வைத்திருந்து எடுத்தால் சரியாகிவிடும்.

அடிக்கடி ஊற்றும் நீர் உரத்தையும் கரைத்துக்கொண்டு போய்விடுகிறது. இரண்டு மாதங்களில் அடியிலைகள் வெளிறி மஞ்சளாவது அதன் அறிகுறி. பதினைந்து நாட்களுக்கு ஒரு முறை தொட்டிக்கு ஒரு கைப்பிடி மண்புழு உரம் இடுவதே போதுமானது. கீரைக்கு மட்டும், கடலைப் பிண்ணாக்கை இரண்டு நாள் ஊறவைத்த நீரைப் பத்து மடங்கு நீர் கலந்து ஊற்றுகின்றனர். அதன் நாற்றத்தை அண்டை வீட்டார் பொறுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஆதலால் மாலையில் ஊற்றாமல் காலையில் ஊற்றுவது நல்லுறவுக்கு உகந்தது. கீழ் வீட்டார் உலர்த்திய துணியில் செந்நீர் சொட்டாதபடி அடிவரிசைக்குக் கீழே தட்டுகள் வைத்துள்ளனர். தட்டில் தேங்கும் நீரை அன்றன்றே கொட்டிவிடுகின்றனர். டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு இத்தகைய தெளிந்த நீரில்தான் முட்டையிடுகிறது. முட்டை கொசுவாக ஒரு வாரமளவே போதும்.

ஐப்பசி மழை தொடங்கியதும் கணக்கு முழுதும் மாறிவிடும். காற்றில் ஈரம் மிகுந்து, அதே மேல் வரிசைத் தொட்டி நாளொன்றுக்கு 200 கிராம்கூட இழப்பதில்லை. கோடைப் பழக்கத்தில் இரு வேளையும் ஊற்றுவோர் அம்மாதத்தில்தான் துளசியை அழுகவிடுகின்றனர். அப்போது ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஊற்றினால் போதும். மழைச்சாரல் நேராக அடிக்கும் தொட்டிகளுக்கு அதுவும் வேண்டாம். கார்த்திகையில் சூரியன் தெற்கே சாய்ந்து, பால்கனியின் வடபுறத்து மூலை வரையில் இளவெயில் எட்டும். அந்த மூலையில், வெயிலைக் கண்டால் வாடும் வெந்தயக் கீரையை அடிவரிசையின் நீளத் தொட்டியில் தூவுவதற்கு ஏற்ற காலம் அதுதான். விதையை ஓரிரவு ஊறவைத்துத் தூவி, மேலே அரை அங்குலம் கலவை மூடினால், மூன்று நான்கு நாட்களில் முளை தெரியும்; இருபத்தைந்து நாட்களில் பறிக்கலாம்.